குருட்டாம்போக்கில் எழுதினால் எழுபத்தைந்து வருமா?

நூறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும். கேள்விக்கு ஒரு மார்க். பாடத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர் ஒவ்வொரு கேள்விக்கும் நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி விடை குறிக்கிறார். சராசரியாக அவருக்கு 50 மார்க் வரும். பாஸ் மார்க் 75 என்றால், அவர் தேறிவிட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? இப்படியே ஆயிரம் பேர் எழுதினால், அவர்களில் முதலாவதாக வருபவர் எவ்வளவு எடுப்பார்?

முதல் கேள்விக்குக் கணினி துல்லியமான விடை சொல்லிவிடும். ஆனால் நடைமுறையில் நமக்குப் பெரும்பாலும் முழு விவரம் கிடைப்பதில்லை. சராசரி தெரியும், இன்னும் ஓரிரண்டு தகவல் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு 'வாய்ப்பு இதற்கு மேல் போகாது' என்று உறுதியாக ஒரு வரம்பு போட முடியுமா? முடியும். அதற்கு இரண்டு அசமன்பாடுகள் போதும். இரண்டின் நிரூபணமும் நான்கைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவின் பெயரில் வழங்குவது. தேர்வு எழுதியவர்களில் p என்ற பங்கினர் 75 அல்லது அதற்கு மேல் எடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் மட்டுமே மொத்தச் சராசரிக்குக் குறைந்தது 75 × p அளவுக்குப் பங்களித்திருப்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் முட்டை வாங்கியிருந்தாலும் சராசரி அதற்குக் கீழே இறங்காது. ஆக 50 ≥ 75p. அதாவது p மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. நிரூபணம் முடிந்தது. பொதுவாக எழுதினால், X எதிர்மறையாகாத அளவு, அதன் சராசரி m என்றால்:

P(X ≥ a) ≤ m / a

மூன்றில் இரண்டு என்பது பார்க்க மிகத் தாராளமான வரம்பு. நாணயம் சுண்டி எழுதியவர்களில் அத்தனை பேர் தேறமாட்டார்கள் என்று யாருக்கும் தெரியும். ஆனால் குறை அசமன்பாட்டில் இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் சரியாக 75 எடுத்து, மீதிப் பேர் பூஜ்யம் வாங்கினாலும் சராசரி 50தானே? சராசரி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டால் இதைவிடக் கூர்மையான பதில் கிடையாது. இதைவிட நல்ல பதில் வேண்டுமென்றால், கூடுதலாக ஏதாவது தகவல் தந்தாக வேண்டும்.

நிரூபணத்தின் நடுவில் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? மற்றவர்கள் அதிகபட்சம் பூஜ்யம் வரைதான் இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டோம். தவறான விடைக்கு ஒரு நெகட்டிவ் மார்க் என்று விதி வந்தால் இது உடைந்துவிடும். அப்போது நம்மவரின் சராசரி பூஜ்யம். சூத்திரத்தை அப்படியே போட்டால், 50 மார்க் எடுக்கும் வாய்ப்பு 0 / 50, அதாவது அறவே இல்லை என்று வரும். அதிர்ஷ்டம் மிகுந்த ஒருவர் எடுத்துவிட முடியும் என்பதால் இது அபத்தம். வழி என்னவென்றால், எல்லோர் மார்க்கோடும் 100 கூட்டிக்கொள்வது. அப்போது எந்த மார்க்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. சராசரி 100, எல்லை 150. வரம்பு மீண்டும் மூன்றில் இரண்டு. இந்த அசமன்பாட்டைத் தொடுமுன், அளவு எதிர்மறையாகுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மாணவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

மார்க்கோவின் உண்மையான பலம் X-க்குப் பதிலாக வேறொன்றை அதில் வைக்கும்போது தெரிகிறது. 50-லிருந்து எவ்வளவு விலகினோம் என்பதை D என்போம். D எதிர்மறையாகலாம், அதன் வர்க்கம் ஆகாது. நூறு கேள்விகளும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், D-யின் வர்க்கத்துக்குச் சராசரி 25. பள்ளிக்கூடத்தில் இதைத்தான் பரவற்படி என்று படித்தோம். 25 மார்க்கோ அதற்கு மேலோ விலகுவதும், வர்க்கம் 625-ஐத் தொடுவதும் ஒன்றே. மார்க்கோவின்படி அதன் வாய்ப்பு 25 / 625, அதாவது 4 சதவீதம். இது மேலே விலகுவதையும் கீழே விலகுவதையும் சேர்த்த கணக்கு. இரண்டு பக்கமும் சமச்சீர் என்பதால் மேல்பக்கத்துக்கு 2 சதவீதம். மார்க்கோவின் ஆசிரியர் செபிஷெவின் பெயரால் அறியப்படும் அசமன்பாடு இதுவே.

வர்க்கத்துக்குப் பதில் இன்னும் வேகமாக வளரும் ஒன்றை வைத்தால்? e^(tD) என்பதை எடுத்துக்கொள்வோம். T நாம் பிறகு தேர்ந்தெடுக்கப்போகும் நேர் எண். இது எப்போதும் பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் மார்க்கோவின் நிபந்தனைக்குத் தடையில்லை:

P(D ≥ 25) ≤ E[e^(tD)] / e^(25t)

மேலே உள்ள E என்பது சராசரி. ஒவ்வொரு கேள்வியும் D-க்கு +½ அல்லது −½ தருகிறது. அடுக்கில் கூட்டல் இருந்தால் அது பெருக்கலாக விரியும். கேள்விகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், பெருக்கலின் சராசரியும் சராசரிகளின் பெருக்கலும் சமம். ஆகவே ஒரு கேள்வியின் சராசரியைக் கண்டுபிடித்து நூறு முறை பெருக்கினால் போதும். அந்தச் சராசரி e^(t/2), e^(−t/2) இரண்டின் நடுமதிப்பு. அது e^(t²/8)-ஐத் தாண்டாது. இரண்டையும் தொடராக விரித்து உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால், ஒவ்வொரு இடத்திலும் வலப்பக்கம் பெரிதாகவோ சமமாகவோ இருப்பது கண்ணுக்கே தெரியும். நூறு முறை பெருக்க e^(12.5t²) கிடைக்கிறது. வரம்பு இப்போது e^(12.5t² − 25t). இது எப்போது மிகச் சிறிதாகும்? t = 1 ஆகும்போது. விடை e^(−12.5), பத்து லட்சத்துக்கு நான்குக்கும் குறைவு.

துல்லியமான விடை பத்து லட்சத்துக்குச் சுமார் 0.28. மூன்றில் இரண்டில் தொடங்கி, 2 சதவீதத்துக்கு வந்து, உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். மூன்று முறையும் பயன்படுத்தியது ஒரே அசமன்பாடுதான். இது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசைகாட்டும். D-யின் சராசரி பூஜ்யம்தானே, அதனால் e^(tD)-யின் சராசரியை e^0, அதாவது 1 என்று போட்டுவிடலாமே? போட்டால் வரம்பு e^(−25t) ஆகும். t-யை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்பதால், 75 எடுக்க வாய்ப்பே இல்லை என்ற முடிவு வரும். இது ஏன் தவறு என்பதைச் சொல்வதுதான் இரண்டாவது அசமன்பாடு.

அது டென்மார்க்கின் யோஹான் யென்சனுடையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர் அவர். பல்கலைக்கழகப் பதவி எதிலும் இருந்ததில்லை. ஓய்வு நேரத்தில் செய்த கணிதத்தில், 1906-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் பலன் இது. கிண்ணம் போல மேல்நோக்கித் திறந்த வளைவு கொண்ட சார்பைக் குவிவுச் சார்பு என்பார்கள். வர்க்கமும் e-யின் அடுக்கும் அந்த வகை. அப்படிப்பட்ட f எதுவானாலும், f-இன் சராசரி, சராசரியின் f-ஐவிடக் குறையாது:

E[f(X)] ≥ f(E[X])

இருவர் 30, 70 எடுத்தால் சராசரி 50. அதன் வர்க்கம் 2500. வர்க்கங்களின் சராசரியோ 900, 4900 இரண்டின் நடு, அதாவது 2900.

நிரூபணத்துக்கு ஒரு தொடுகோடு போதும். X-இன் சராசரி m என்ற புள்ளியில் வளைவுக்கு ஒரு தொடுகோடு வரையுங்கள். வளைவு எங்கும் அந்தக் கோட்டுக்குக் கீழே போகாது. கோட்டின் சாய்வு c என்றால், X எந்த மதிப்பை எடுத்தாலும் f(X) ≥ f(m) + c(X − m). இரு பக்கமும் சராசரி எடுங்கள். X − m என்பதன் சராசரி பூஜ்யம், அதனால் கடைசி உறுப்பு காணாமல் போகிறது. மிஞ்சுவது E[f(X)] ≥ f(m). அவ்வளவுதான்.

ஆகவே e^(tD)-யின் சராசரி 1-ஐவிடக் குறையாது. அதற்குப் பதிலாக 1 போடுவது வரம்பை நேர்மையற்று இறக்குவதாகும். லாகரிதம், வர்க்கமூலம் போலக் கவிழ்ந்த வளைவுகளுக்கு அசமன்பாட்டின் திசை மாறிவிடும். திசையில் சந்தேகம் வந்தால், மேலே செய்ததுபோல இரண்டு எண்களைப் போட்டுப் பார்த்தால் உடனே தெளிவாகும்.

இப்போது ஆயிரம் பேர் கேள்விக்கு வரலாம். முதலாவதாக வருபவர் 50-ஐத் தாண்டிய அளவு M. இந்தத் தேர்வைத் திரும்பத் திரும்ப நடத்தினால் M-இன் சராசரி எவ்வளவு உயரும்? யென்சன்படி e^(t·E[M]) ≤ E[e^(tM)]. முதலாமவர் அந்த ஆயிரத்தில் ஒருவர். மற்ற 999 பேரின் e^(tD)-யும் நேர் எண்களே. அதனால் e^(tM) ஆயிரம் பேரின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. அந்தக் கூட்டுத்தொகையின் சராசரி 1000 × e^(12.5t²)-க்கு மேல் போகாது என்பது முன்பே தெரியும். இரு பக்கமும் லாகரிதம் எடுத்து t-யால் வகுத்தால்:

E[M] ≤ (ln 1000)/t + 12.5t

ln 1000 சுமார் 6.91. t-யை 0.74 அளவில் வைத்தால் இரண்டு உறுப்பும் ஏறத்தாழச் சமமாகி, கூட்டல் மிகச் சிறிதாக 18.6-க்கு வருகிறது. ஆயிரம் பேரில் முதலாமவரின் சராசரி 68.6-ஐத் தாண்டாது. ஒரு லட்சம் பேர் எழுதினாலும் இதே கணக்கு 74-ல் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதியிருந்தாலும் இந்த வரம்பு பொய்க்காது. ஏனென்றால் ஒருவர் விடைத்தாள் இன்னொருவருடையதைச் சாராது என்று எந்த இடத்திலும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே விடைத்தாளுக்குள் கேள்விகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதுதான் விபரீதம். ஒரு பத்திக்கு ஐந்து கேள்விகள். பத்தியின் கருத்தைச் சரியாக ஊகித்தால் ஐந்தும் சரி, தப்பினால் ஐந்தும் தவறு என்று தேர்வு அமைந்திருக்கிறது என்று வையுங்கள். சராசரி அதே 50தான். ஆனால் நாணயம் சுண்டப்படுவது நூறு முறை இல்லை, இருபது முறை மட்டும். ஒவ்வொன்றும் ஐந்து மார்க் பெறுமானம். அடுக்கில் இருந்த 12.5 இப்போது 62.5 ஆகிறது. 75 எடுக்கும் வாய்ப்பின் வரம்பு e^(−2.5), அதாவது 8 சதவீதம். உண்மையான வாய்ப்பு 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். பழைய தேர்வில் பத்து லட்சம் பேரில் ஒருவர்கூடத் தேறுவது அரிது. இந்தத் தேர்வில் அதே பத்து லட்சத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதுவும் படிக்காமலே பாஸாவார்கள்.