சோதனைக் கட்டுரைக்கும் கூலி உண்டு

‘ஃப்ரீலான்ஸ் கன்டென்ட் ரைட்டர் தேவை. 800 சொல் கட்டுரைக்கு 1,200 ரூபாய். முதலில் 300 சொல்லில் ஒரு சோதனைக் கட்டுரை. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அதற்கு 450 ரூபாய்.’

இப்படி ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தொகையையும் சொற்களால் வகுத்தால் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்தான் வருகிறது. சோதனைக்கும் வேலைக்கும் ஒரே விலை வைத்திருப்பது நல்ல அடையாளம். ‘தேர்வானால் மட்டும் பணம்’ என்று இருந்தால் கதையே வேறு. இருபது பேரிடம் இருபது தலைப்புகளைக் கொடுத்து எழுதி வாங்கி, ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்தால், மீதிக் கட்டுரைகள் அந்த நிறுவனத்துக்கு இலவசம். சோதனைக்கே 1,500 சொல் கேட்பதும், கூகுள் தேடலுக்கான சொற்களைப் பட்டியலிட்டு அவற்றைச் சேர்த்து எழுதச் சொல்வதும் அதற்கான தடயங்கள். ஒருவரின் நடையை அறிய முந்நூறு சொல் தாராளம்.

1,200 ரூபாய் நல்ல கூலியா என்பதை நேரம்தான் சொல்லும். படித்துக் குறிப்பெடுக்க ஒரு மணி, எழுத இரண்டரை மணி, தலைப்புக்கும் படங்களுக்கும் அரை மணி, ஒரு திருத்தத்துக்கு ஒரு மணி. ஆக ஐந்து மணி நேரம். மணிக்கு 240 ரூபாய். ஆசிரியர் இரண்டாவது, மூன்றாவது முறையும் திருத்தச் சொன்னால் ஏழு மணி ஆகிவிடும். கூலி 171 ரூபாய்க்கு இறங்கிவிடும். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசும் வேலையில் இழப்பு பெரும்பாலும் இந்தத் திருத்தங்களில்தான் நேர்கிறது. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால் எத்தனை திருத்தம் இந்த விலையில் அடங்கும், பணம் கட்டுரையைக் கொடுத்ததும் வருமா, வெளியான பிறகா என்று முன்கூட்டியே கேட்பது அவசியம். வெளியான பிறகுதான் என்றால், கிடப்பில் போட்ட கட்டுரைக்குக் காலமெல்லாம் காத்திருக்க நேரும்.

ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டு வருமானம் 50,000 ரூபாயைத் தாண்டினால், பொதுவாகப் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 1,200க்குப் பதில் 1,080 வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம்.

தேர்வாகாத சோதனைக் கட்டுரை யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதுபவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் எழுத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. நிறுவனம் கொடுக்கும் 450 ரூபாய் வெறும் மதிப்பீட்டுக்கா, வெளியிடும் உரிமைக்கும் சேர்த்தா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு எழுத உட்காரலாம்.