மூன்றில் ஒன்று போனால் ஸ்டார்ட்டருக்குத் தெரியுமா?

போர்வெல் மோட்டார் எரிந்துபோன பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஸ்டார்ட்டர் நன்றாகவே இருக்கும். பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று பிடிக்கும், விட்டால் விடும். "இது நல்லாத்தானே இருக்கு, மோட்டார் ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே, போருக்குள்ளிருந்து 800 அடிக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்கச் சொல்லுவோம். அந்தக் கேள்விக்கான விடை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் மின்சாரத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கிறது. அதன் கண்ணில் படாத இடத்தில் கோளாறு நடந்தால் அது பேசாமல் இருந்துவிடும்.

முதலில் காயில். பட்டனை அழுத்தியதும் கான்டாக்டரை இழுத்துப் பிடித்துவைப்பது இதுதான். பழைய ஆயில் ஸ்டார்ட்டர் காலத்திலிருந்து இதை 'நோ வோல்ட் காயில்' என்றே மெக்கானிக்குகள் சொல்லிவருகிறார்கள். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும், மோட்டார் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 415 வோல்ட் காயிலுக்கு இரண்டு முனைகள்தான் உண்டு, எனவே அது இரண்டு பேஸுக்கு நடுவில்தான் உட்கார முடியும். ஆர், பி ஆகிய இரண்டிலும் காயிலைக் கொடுத்திருந்தால், ஒய் பேஸ் போனது அதற்குத் தெரியவே தெரியாது. கான்டாக்டர் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் இரண்டு பேஸில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வகை நம் கிராமங்களில் அடிக்கடி நடப்பது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே, 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃப்யூஸ் போகிறது. கீழே ஒரு பேஸ் மட்டும் போயிருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. வயலோரம் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மேல்பக்கம் டெல்டா, கீழ்ப்பக்கம் ஸ்டார் இணைப்பு. மேலே ஒன்று போனால் கீழே ஒரு பேஸில் முழு 240 வோல்ட் இருக்கும், மற்ற இரண்டிலும் பாதி, அதாவது 120 வோல்ட் வரும். ஒரு தெருவில் விளக்கு பளிச்சென்று எரிய, பக்கத்துத் தெருவில் மங்கலாக எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில், மோட்டார் நின்றிருக்கும்போது, முழு பேஸுக்கும் பாதி பேஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 360 வோல்ட் காட்டும். கான்டாக்டர் காயில் தன் அளவில் 85 சதவீதம் வந்தாலே பிடித்துவிட வேண்டும் என்று தயாரிக்கப்படுவது. 360 என்பது 415-இல் 87 சதவீதம். ஆக, காயில் அந்த இரண்டில் அமர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடிக்கும். மோட்டார் சுற்றாது, உறுமும். 10 ஆம்பியர் மோட்டார் நின்ற இடத்திலேயே 40, 50 ஆம்பியர் இழுக்கும். 'ஆட்டோ'வில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டவருக்கு அந்த உறுமல் கேட்காது.

காயில் கைவிட்டால் அடுத்த நம்பிக்கை ஓவர்லோடு ரிலே. இது வோல்டேஜைப் பார்ப்பதில்லை. மோட்டாருக்குப் போகும் ஆம்பியரை, அதன் சூட்டை வைத்துப் பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால், மூன்று வயர் சுமந்த வேலையை இரண்டு வயர் சுமக்க வேண்டும். 5 எச்.பி. மோட்டார் ஒன்றின் தகட்டில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால், மிச்சமுள்ள இரண்டு வயரிலும் சுமார் 17 ஆம்பியர் ஓடும். ரிலேயைச் சரியாக 10-இல் வைத்திருந்தால் ஓரிரு நிமிடங்களில் விழுந்துவிடும். மோட்டார் பிழைக்க வாய்ப்புண்டு.

ஆனால் ரிலே 10-இல் இருக்கிறதா? தோட்டங்களில் அது 13, 14-க்குத் திருகப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். திருகியவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது, அவரை அந்த நிலைக்குத் தள்ளியது லோ வோல்டேஜ். பம்பு தூக்கும் தண்ணீர் வோல்டேஜ் குறைந்தாலும் ஏறக்குறைய அதேதான், எனவே மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 340 இருந்தால், 10 ஆம்பியர் 12-ஐத் தாண்டும். ரிலே அரை மணி, ஒரு மணிக்கு ஒருமுறை விழும். பாதி வயல் காய்ந்து கிடக்க, எத்தனை முறைதான் நடந்து போய் ரீசெட் அழுத்துவது? ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகு. அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது.

தீர்ந்தது லோ வோல்டேஜ் தொல்லை மட்டும்தான். ரிலே 14-க்குப் போனதும், பேஸ் போகும்போது வரும் 17 ஆம்பியர் அதற்குப் பெரிய விஷயமாகவே தெரியாது. 14-இன் ஒன்றேகால் மடங்குகூட இல்லை. அந்த அளவு அதிகச் சுமைக்கு, மூன்று வயரும் சூடேறினால்கூட ரிலே விழ இரண்டு மணி நேரம் எடுக்கலாம் என்று தரவிதியே இடம் கொடுக்கிறது. இரண்டு வயர் மட்டும் சூடேறும்போது விழாமலே இருக்கவும் கூடும். குறுகலான உடம்புக்குள் சுற்றப்பட்ட நீர்மூழ்கி மோட்டாரின் காயிலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. லோ வோல்டேஜுக்குச் செய்த வைத்தியம் பேஸ் பாதுகாப்பைக் கழற்றிவிடுவது இப்படித்தான். இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கும் வரை இது புரியாது.

அதனால்தான் ஸ்டார்ட்டரில் தனியாக ஒரு சின்னப் பெட்டி, சிங்கிள் ஃபேசிங் ப்ரிவென்டர் வைக்கிறார்கள். கடையில் 'எஸ்பிபி' என்று கேட்டால் கொடுப்பார்கள். இதில் இரண்டு சாதி உண்டு. வோல்டேஜைப் பார்ப்பது ஒன்று, ஆம்பியரைப் பார்ப்பது இன்னொன்று. விலையைப் பார்த்து வாங்குவதைவிட இந்த வித்தியாசத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

வோல்டேஜ் வகை, ஸ்டார்ட்டருக்கு வந்து சேரும் மூன்று பேஸையும் பார்க்கும். இரண்டு பேஸ்தான் வந்திருக்கிறது என்றால் மோட்டாரை ஸ்டார்ட் செய்யவே விடாது. இது பெரிய நன்மை, ஏனென்றால் நின்ற மோட்டாருக்கு இரண்டு பேஸ் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. லைனில் வேலை பார்த்துவிட்டு பேஸை மாற்றிப் போட்டுவிட்டாலும் இவற்றில் பல கண்டுபிடித்துவிடும், பம்பு தலைகீழாகச் சுற்றாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸ் போனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸின் முனையில் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்புகிறது. அது முழு வோல்டேஜுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடும். மூன்று இண்டிகேட்டர் விளக்கும் எரியும், ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கலாக. வெறுமனே 'வோல்டேஜ் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும் மலிவான பெட்டி இதில் ஏமாந்துபோகும். மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டிதான் தப்பிக்கும்.

அந்த நல்ல பெட்டியாலும் பார்க்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. அது தனக்கு முன்னால் வருவதைத்தான் பார்க்கிறது. கான்டாக்டரில் ஒரு பாயின்ட் கருகித் தொடாமல் போனாலோ, 600 அடி ஆழத்தில் கேபிள் ஜாயின்ட் விட்டுப்போனாலோ, அதன் பார்வையில் மூன்று பேஸும் சுகமாகவே இருக்கும். அங்கேதான் ஆம்பியர் வகை தேவைப்படுகிறது. மோட்டாருக்குப் போகும் வயர்கள் அதன் வளையத்துக்குள் நுழைந்து போகும். ஒன்றில் ஆம்பியர் பூஜ்ஜியம் என்றால், கோளாறு கம்பத்தில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும் சில நொடிகளில் மோட்டாரை நிறுத்திவிடும். அதன் குறை, மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதற்குக் கண் தெரியும். ஆழமான போருக்கு இரண்டும் சேர்ந்த பேனல் வாங்குவதுதான் சரி என்பது என் எண்ணம். மோட்டாரை ஒருமுறை தூக்கி இறக்கும் கூலியே அந்தக் கூடுதல் விலையை விழுங்கிவிடும்.

இனி லோ வோல்டேஜ் அமைப்பு. இதற்கு என்று ஒரு திருகு இருக்கும்போது ஓவர்லோடு ரிலேயைத் தொட வேண்டியதில்லை, அது தகட்டில் உள்ள ஆம்பியரிலேயே இருக்கட்டும். நீர்மூழ்கி மோட்டாருக்கான இந்தியத் தரவிதி 415-இலிருந்து 15 சதவீதம் குறைவு வரை, அதாவது ஏறத்தாழ 353 வோல்ட் வரை தாங்கச் சொல்கிறது. ஆனால் இந்த 353 மோட்டாரின் முனையில் இருக்க வேண்டியது. ஸ்டார்ட்டரில் இருக்கும் மீட்டர் தரைக்கு மேலே உள்ளதைத்தான் காட்டும். 800 அடி நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிள் போட்டிருந்தால், 10 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே சுமார் 25 வோல்ட் போய்விடும். மேலே 360 காட்டினால் கீழே 335தான். ஸ்டார்ட் ஆகும் நொடிகளில் இழப்பு 80, 90 வோல்ட்டைத் தொடலாம். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், அந்த நேரத்தில் அது திணறும். அதே ஆழத்துக்கு 4 சதுர மி.மீ. கேபிள் என்றால், ஓடும்போது இழப்பு 16 வோல்ட்டுக்குள் நிற்கும். மெல்லிய கேபிள் இறக்கியவர்கள் ட்ரிப் அளவை மேலே 380 அளவுக்கு வைக்க வேண்டியிருக்கும், தடித்த கேபிள்காரர்கள் 370-க்கே வைக்கலாம். லைனில் அந்த அளவு வோல்டேஜே வருவதில்லை என்றால், அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் மாற்றமோ சின்ன மோட்டாரோதான் வழி, திருகில் வழி இல்லை.

ட்ரிப் ஆகும் அளவும் மறுபடி ஸ்டார்ட் ஆகும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. மோட்டார் நின்றதும் லைன் வோல்டேஜ் தானாக ஏறும், அதைப் பார்த்து ஆட்டோ மறுபடி போடும், வோல்டேஜ் இறங்கும், மறுபடி விழும். இப்படி விடாமல் போட்டுப்போட்டு எடுப்பது தொடர்ந்து ஓடுவதைவிட மோசம். 15, 20 வோல்ட் இடைவெளி விட்டால் இந்த ஆட்டம் நிற்கும். ட்ரிப் ஆக மூன்று நான்கு நொடி தாமதம் கொடுத்தால் ஸ்டார்ட்டிங்கில் வரும் தாழ்வுக்கு வீணாக விழாது.

மறுஸ்டார்ட் தாமதத்தைச் சில நிமிடங்களாவது வையுங்கள், அதற்குக் காரணம் இரண்டு. குழாயில் நின்ற தண்ணீர் இறங்கும்போது பம்பு பின்னால் சுற்றக்கூடும், அந்த நேரத்தில் மோட்டார் எடுத்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது, மும்முனை மின்சாரம் வந்ததும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு பேசி ஒருவர் இரண்டு நிமிடம், அடுத்தவர் மூன்று, அதற்கடுத்தவர் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. மெயினை அணைத்து, ஆர் பேஸின் ஃப்யூஸ் கேரியரை எடுத்துவிட்டு மெயினைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பிடிக்கக் கூடாது. பிடித்தால் உடனே அணைத்துவிடுங்கள், பெட்டி செத்துவிட்டது. அல்லது முன்பு வந்த மெக்கானிக் அதைச் சுற்றி ஒரு வயர் கொடுத்து 'டைரக்ட்' செய்துவிட்டுப் போயிருப்பார். இரண்டு பேஸில் கண்டென்சர் வைத்து ஓட்டுகிறவர்கள் தோட்டத்தில் இது வழக்கம். ஒய், பி இரண்டுக்கும் தனித்தனியாக இதையே செய்து பாருங்கள். காயில் அமர்ந்திருக்கும் இரண்டு பேஸில் எதை எடுத்தாலும் ஸ்டார்ட்டர் பிடிக்காது, அது காயிலின் குணம், பெட்டியின் நலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. காயில் இல்லாத அந்த மூன்றாவது பேஸை எடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.