வெட்டினால் ஓடாத புளூபெர்ரி பை

அமெரிக்க வீடுகளில் கோடையில் செய்யும் புளூபெர்ரி பையைக் கத்தியால் வெட்டியதும் ஊதாச் சாறு தட்டெங்கும் ஓடினால், அடிமாவும் நனைந்து கூழாகிவிடும். சூட்டில் பழம் வெடித்துச் சாறு விடுவதைத் தடுக்க முடியாது. அந்தச் சாற்றைக் கட்டிப்போடத்தான் கார்ன்ஃப்ளார். மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல, நாம் சூப்பில் கரைத்து ஊற்றும் வெள்ளை மாவு.

ஒன்பது அங்குலத் தட்டுக்கு ஆறு கப் பழம், முக்கால் கப் சர்க்கரை, கால் கப் கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மாவை முதலில் சர்க்கரையோடு கலந்துவிட்டுப் பிறகு பழத்தில் புரட்டுங்கள். நேராகத் தூவினால் கட்டி தட்டும்.

சூடேறும்போது மாவின் நுண்மணிகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து, சாற்றைக் கெட்டியாக்குகின்றன. அதற்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். மேல்மாவு சிவந்ததை நம்பி எடுத்துவிடக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். நடுவில் உள்ள கீறல் வழியே சாறு மெதுவாக, கனத்த குமிழிகளாகக் கொதிக்க வேண்டும். வெந்த சாறு கண்ணாடிபோல் பளபளக்கும்; வேகாதது கலங்கலாக இருக்கும், நாக்கில் மாவு தட்டும்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். ஆறும்போதுதான் அது உறைந்து இறுகும். நான்கு மணி நேரமாவது ஆக வேண்டும்.

ஃப்ரீசரில் வைக்கப்போகும் பைக்கு மட்டும் இது ஒத்துவராது. உருகும்போது நீர் பிரிந்துவிடும். அதற்கு மரவள்ளி ஸ்டார்ச்சே நல்லது.