நீல டிக் வந்த பிறகு

பெசன்ட் நகரில் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த இளைஞன் போனை எடுக்கிறான், வைக்கிறான். இப்போதே மெசேஜ் அனுப்பினால் அலைகிறான் என்று நினைப்பாளோ? அனுப்பாவிட்டால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவாளோ?

அவளும் அதே கவலையில் இருக்கலாம். புதிதாக அறிமுகமாகிப் பேசியவர்களிடம் எரிக்கா பூத்பி குழுவினர் நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். இருவரும் கெத்துக்காக மௌனம் காத்தால், இரண்டு பக்கமும் தப்புக் கணக்குத்தான் மிஞ்சும்.

அப்படியானால் ஆவல் எப்போது உறுத்துகிறது? பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஸ்பீட் டேட்டிங் ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. சந்தித்த எல்லோர் மீதும் ஆசை காட்டியவர்களை மற்றவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒருவர் மீது மட்டும் தனி விருப்பம் கொண்டவர்களுக்கு அந்த விருப்பம் திரும்பவும் கிடைத்தது. அதாவது, ஆவல் தப்பில்லை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ஆவல்தான் எடுபடுவதில்லை.

“உங்களை மாதிரி ஒரு பொண்ணை நான் பார்த்ததே இல்லை” என்பது அந்த ரகம். அவள் பேச்சுவாக்கில், கச்சேரிக்குப் போவதே கேன்டீன் காசி அல்வாவுக்காகத்தான் என்று சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அன்றிரவே அவன் எழுதலாம்: “இன்னைக்குப் பேசினது நல்லா இருந்தது. உங்க காசி அல்வா கதையை நினைச்சு பஸ்ல தனியா சிரிச்சுட்டு வந்தேன்.” அவ்வளவு போதும். பதில் கேட்டு நிற்காத மெசேஜ் அது.

அவள் சிரித்துப் பதில் போட்டால், ஓரிரு நாளில் அடுத்த அடி. “எப்பவாவது மீட் பண்ணலாம்” என்றால் அது காற்றோடு போய்விடும். “வர்ற சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர்ல ஒரு சபா கேன்டீனுக்குப் போகலாமா? தோதுப்படலைன்னா பரவாயில்லை” என்று கேட்கலாம். நாளும் இடமும் தெளிவாக இருக்கின்றன. மறுக்கவும் வழி இருக்கிறது.

“சனிக்கிழமை முடியாது, ஞாயிறு ஓகேவா?” என்று அவள் கேட்டால் விருப்பம் இருக்கிறது. “இந்த வாரம் பிஸி” என்பதோடு நிறுத்திக்கொண்டு வேறு நாள் சொல்லாவிட்டால், சில நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம். மறுபடியும் அதே பதில் வந்தால் அது ‘வேண்டாம்’தான், சங்கடப்படுத்தாமல் சொல்கிறாள்.

நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லையா? வெறும் கேள்விக்குறி அனுப்புவது, “ஆன்லைன்லதான இருந்தீங்க?” என்று கேட்பது, நள்ளிரவில் அவளுடைய பழைய இன்ஸ்டா படங்களுக்கு வரிசையாக லைக் போடுவது எல்லாமே கண்காணிப்பாகத்தான் தெரியும். உங்களைப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு மெசேஜ் போதும். பதில் சொல்ல எவ்வளவு நேரம் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.