சொட்டு, ரயில், மொட்டை மாடி: மூன்று நிமிடப் பேச்சு உருவாகும் விதம்

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ‘நீரைச் சேமிப்போம்’ என்ற தலைப்புக்கு ஓய்வே கிடையாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கும் அதே தலைப்பு, சுற்றுச்சூழல் மன்ற விழாவுக்கும் அதே தலைப்பு. மேடை ஏறுகிறவர்களில் பலர் ‘வான் சிறப்பு’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் தொடங்கி, பூமியில் உப்புநீர் எத்தனை சதவீதம் என்று அடுக்கி, மூன்றாம் உலகப் போரில் கொண்டுபோய் முடிப்பார்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் ஐந்தாவது குழந்தை பேசி முடிப்பதற்குள் நடுவருக்கு யார் எதைச் சொன்னார்கள் என்பதே குழம்பிவிடும். கேட்டவர் கண்ணுக்குள் ஒரு படமும் விழாததுதான் காரணம்.

படம் விழவேண்டுமானால் பேச்சை எழுதும்போதே கையசைவையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி, மனப்பாடம் செய்து முடித்தபிறகு “இந்த இடத்தில் கையை ஆட்டு” என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தால் அது ஒட்டாது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மூன்று நிமிடப் பேச்சு தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றே படங்கள் போதும். படத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் அசைவு. அடைப்புக்குறிக்குள் இருப்பவை அவளுக்கான குறிப்புகள்.

“(கைகள் இயல்பாகத் தொங்கட்டும். இரண்டு நொடி அவையைப் பார்.) அவையோருக்கு வணக்கம். (வலக்கையை மார்பளவு உயர்த்து, விரல்கள் கீழ்நோக்கி.) டொக்… (ஒரு நொடி அமைதி.) டொக்… (ஒரு நொடி அமைதி.) டொக்… எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் பேசுகிற மொழி இது. நொடிக்கு ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் அதன் கீழே பாத்திரம் வைத்தேன். ஏறக்குறைய 900 மில்லி! ஒரு நாளைக்கு? 21 லிட்டருக்கும் மேல். (இரு கைகளாலும் வாளியைத் தூக்குவதுபோல் மெல்ல உயர்த்து.) யாருமே குளிக்காத ஒரு வாளித் தண்ணீர்!”

இந்தக் கணக்கை யாரும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். குழாய்ச் சொட்டு ஏறத்தாழ கால் மில்லி இருக்கும். மணிக்கு 3,600 நொடி என்றால் 900 மில்லி, நாளுக்கு 21.6 லிட்டர். குழாய்க்குக் குழாய் சொட்டின் அளவு மாறும் என்பதால் குழந்தை தானே அளந்து, தனக்குக் கிடைத்த எண்ணைச் சொல்வதுதான் சரி. அளந்தவள் சொல்லும்போது குரலில் ஒரு நிச்சயம் வந்துவிடும். இங்கே அசைவைவிட அமைதி முக்கியம். பதற்றத்தில் மூன்று ‘டொக்’கும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். கால் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டி நொடியை அளக்கப் பழக்கினால் அது நிற்கும்.

“2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. (வலக்கையை வலப்பக்கம் நீட்டி, மெதுவாக இடப்பக்கம் கொண்டு போ.) ஒரு பெட்டி… இரண்டு பெட்டி… மூன்று பெட்டி… மொத்தம் ஐம்பது பெட்டி! அதில் பயணிகள் இல்லை. தண்ணீர் இருந்தது. இருபத்தைந்து லட்சம் லிட்டர். ஏரிகள் வறண்டுபோன நகரத்துக்கு வந்த தண்ணீர். (கையை நிறுத்து.) என் வீட்டுக் குழாய்போல ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் குழாய்கள் ஒரே ஒரு நாள் சொட்டினால், (விரல்களை மீண்டும் கீழ்நோக்கிக் காட்டு.) அந்த ரயில் முழுவதும் காலி!”

பேச்சின் முதுகெலும்பு இந்தக் கடைசி வாக்கியம். 25 லட்சத்தை 21.6-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த எண். சொட்டும் ரயிலும் தனித்தனித் தகவல்களாக இருந்திருந்தால் கேட்பவர் இரண்டையும் மறந்துவிடுவார். ஒரு வகுத்தல் இரண்டையும் கட்டிப்போடுகிறது. முதலில் காட்டிய அதே விரல் அசைவு இங்கே திரும்ப வருவதும் அதற்காகத்தான். கை வலமிருந்து இடம் போவதற்கும் காரணம் உண்டு. எதிரே இருப்பவருக்கு அது இடமிருந்து வலமாக, நாம் எழுத்தைப் படிக்கும் திசையில் தெரியும். கை மார்பளவிலேயே நகரவேண்டும். வாய் உயரத்துக்குப் போனால் மைக்கில் இடித்து ஒலிபெருக்கி ‘டமார்’ என்னும். ரயிலைப் பார்ப்பதுபோல் தலையையும் திருப்பினால் குரல் மைக்கை விட்டு விலகிவிடும். கண் மட்டும் கையோடு போனால் போதும்.

“(கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி காட்டு.) இவ்வளவு மழை பெய்தால் என்ன கிடைக்கும்? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் (இரு கைகளையும் அகல விரி.) தொள்ளாயிரம் லிட்டர் விழும்! அதைச் சாக்கடைக்கு அனுப்புவதா, மண்ணுக்கு அனுப்புவதா? வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு என்று தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. குழாய் போட்டோம். அடைப்பெடுத்தோமா? (ஒரு நொடி நிறுத்து. ஒரு விரலை உயர்த்து.) இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. சொட்டுகிற குழாயின் வாஷரை மாற்றுங்கள். நன்றி, வணக்கம்.”

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டருக்கு 930 லிட்டர் வரும். அதில் கொஞ்சம் தரையில் உறிஞ்சப்பட்டும் ஆவியாகியும் போகும். அதனால்தான் “விழும்” என்கிறாள், “சேரும்” என்று சொல்லவில்லை. விவரம் தெரிந்த நடுவர் இதைக் கவனிப்பார். முடிவில் பத்து வேண்டுகோள் வைக்காமல் ஒரே வேலையைச் சொல்வதால், கேட்டவர் அதைச் செய்யவும் வாய்ப்பு இருக்கிறது.

பழக்கும்போது அடிக்கடி நேரும் பிசகு, சொல் முதலில் வந்து கை பின்னால் வருவது. “அகலமான மாடி” என்று சொல்லிவிட்டுக் கையை விரித்தால் அது விளக்கவுரை ஆகிவிடும். கை அரை நொடி முந்திக் கிளம்பவேண்டும். அதற்காகவே தாளில் குறிப்பைச் சொல்லுக்கு முன்னால் எழுதுகிறோம். இரண்டாவது பிசகு, எல்லாச் சொல்லுக்கும் கையாட்டுவது. ‘நான்’ என்றால் நெஞ்சைத் தொட்டு, ‘வானம்’ என்றால் மேலே காட்டிக்கொண்டே போனால் ரயில் வரும்போது யாரும் கையைப் பார்க்கமாட்டார்கள். மூன்று படங்களுக்கு நடுவே கைகள் இறங்கிக் கிடக்கட்டும்.

மேடையில் வரி மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும். அப்போது அசைவுகளே கைகொடுக்கும். அடுத்த வாக்கியம் நினைவுக்கு வராத குழந்தைக்கும் அடுத்த படம் ரயில் என்பது தெரியும். கையை வலப்பக்கம் நீட்டிவிட்டால் சொற்கள் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இந்தப் பேச்சை நிறுத்தங்களோடு சொன்னால் இரண்டு நிமிடத்தை ஒட்டி முடியும். மீதியில் தன் தெருவில் பார்த்த ஒன்றை அவளே சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நிமிடத்தையும் நிரப்பி எழுதினால் மணி அடிக்கும் பயத்தில் நிறுத்தங்கள்தான் முதலில் பலியாகும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பேச்சைச் செல்போனில் படம்பிடித்து, ஒலியை அணைத்துவிட்டு, பேச்சைக் கேட்டிராத ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். “ஏதோ சொட்டுது, ஏதோ நீளமா போகுது, சின்னதா இருந்தது பெருசா ஆகுது” என்று அவர் சொன்னால் அசைவுகள் வேலை செய்கின்றன. “நல்லா கையை ஆட்டுறா” என்று மட்டும் சொன்னால் பாதி அசைவுகளைக் குறைத்துவிட்டு மறுபடி படம்பிடிக்க வேண்டும்.