பெட் குருணையை ஏன் உலர்த்துகிறார்கள்?

தண்ணீர் பாட்டில் செய்யும் ஆலையில் பெட் குருணையை வந்தபடியே இயந்திரத்தில் கொட்டமாட்டார்கள். ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில், ஈரம் நீக்கிய சூடான காற்றைச் சில மணி நேரம் அதன் ஊடே செலுத்திய பிறகுதான் உருக்குவார்கள். பாலித்தீன் பை ஊதுபவருக்குப் பொதுவாக இந்தச் சிரமம் இல்லை; மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடலாம். சேர்க்கைப் பலபடி, குறுக்கப் பலபடி என்று பள்ளியில் படிக்கிறோமே, அந்த வேறுபாடுதான் இது.

பாலித்தீனின் மூலக்கூறு எத்திலீன், CH₂=CH₂. வினையைத் தொடங்கிவைக்கும் பொருள் அதன் இரட்டைப் பிணைப்பில் ஒன்றைத் திறக்கிறது. திறந்த முனை அடுத்த எத்திலீனைப் பற்றுகிறது, அது இன்னொன்றை. எதுவும் வெளியேறுவதில்லை. கிடைக்கும் நீண்ட சங்கிலியில் கார்பனும் கார்பனுமே கைகோத்து நிற்பதால், நீர் நுழைந்து வெட்ட அங்கே இடமில்லை.

பெட் வேறு வகை. டெரிஃப்தாலிக் அமிலத்தின் இரு முனைகளிலும் அமிலத் தொகுதி; எத்திலீன் கிளைக்காலின் இரு முனைகளிலும் ஆல்கஹால் தொகுதி. இவை சேரும் இடத்தில் எஸ்டர் பிணைப்பு உருவாகி, நீர் வெளியேறுகிறது. பெட் விறைப்பாக இருப்பதற்குச் சங்கிலியில் உள்ள பென்சீன் வளையம் முக்கியக் காரணம். பாலித்தீன் 110 முதல் 135 டிகிரிக்குள் உருகிவிட, பெட் 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகுகிறது.

ஆனால் எஸ்டர் உருவாகும் வினை திரும்பிச் செல்லக்கூடியது. உருகிய பெட்டில் ஈரம் இருந்தால், ஒரு நீர் மூலக்கூறு ஓர் எஸ்டர் பிணைப்பை வெட்டிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சங்கிலியின் சராசரி மூலக்கூறு எடை 25,000 என்று கொண்டால், 1 கிலோ பெட்டில் 0.04 மோல் சங்கிலிகள். அதில் 2 கிராம் ஈரம் இருந்தால் அது 0.11 மோல் நீர். அதாவது ஒரு சங்கிலிக்கு ஏறக்குறைய மூன்று வெட்டு! ஈரம் முழுதும் வினைபுரிந்தால் சங்கிலியின் சராசரி நீளம் கால்வாசியாகச் சுருங்கும். உருகிய பெட் நீர்த்துப்போகும். பாட்டில் எளிதில் உடையும். வெட்டுப்பட்ட சங்கிலியை மறுபடி உலர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் 1 கிலோவுக்கு 0.05 கிராமுக்கும் குறைவாக ஈரத்தை இறக்குகிறார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'நீர் வெளியேறினால் குறுக்கப் பலபடி' என்பதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். நைலான் 6 பெரும்பாலும் கேப்ரோலாக்டம் வளையம் திறந்தே உருவாகிறது. அந்த இணைப்பில் நீர் வெளியேறுவதில்லை. ஆனாலும் அதன் சங்கிலியில் இருப்பது நீரால் வெட்டக்கூடிய அமைடு பிணைப்பு. அந்தக் குருணையையும் உலர்த்தியே உருக்குகிறார்கள். ஒரு பலபடியின் குணத்தைக் கேட்டால், முதலில் அதன் சங்கிலியில் எந்தப் பிணைப்பு இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.