நுரையீரல் அழுத்தம் ஏறியது யாரால்?

எக்கோ ரிப்போர்ட்டில் நுரையீரல் அழுத்தம் அதிகம் என்று வந்துவிட்டால், நோயே தெரிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு மதிப்பீடு மட்டுமே. அழுத்தம் ஏன் ஏறியது என்பதை அந்த எண் சொல்லாது.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் இருக்கும். இடது இதயம் விறைத்துப்போயிருந்தாலோ மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலோ, நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இறங்க வழியில்லாமல் பின்னால் தேங்கும். மற்ற வகையில் இடது இதயம் நன்றாகவே இருக்கும். நுரையீரலின் சிறு தமனிகள் தடித்துக் குறுகியிருக்கும். இரண்டிலும் மூச்சிரைப்பு ஒன்றுதான், கால் வீக்கமும் ஒன்றுதான். ஆனால் குறுகிய தமனியை விரிக்கும் மருந்தை இடது இதய நோயாளிக்குக் கொடுத்தால், ஏற்கெனவே தேங்கிய இடத்துக்கு மேலும் ரத்தம் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும்.

இதைப் பிரித்துக் காட்டுவது வலது இதயக் கதீட்டர் சோதனை. கழுத்து, கை அல்லது தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்துவார்கள். நோயாளி விழித்தே இருப்பார். குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் உண்டு. ஸ்வான், கான்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1970இல் அறிமுகப்படுத்திய அமைப்பு இது. ரத்த ஓட்டமே பலூனை வலது மேலறை, கீழறை வழியாக நுரையீரல் தமனிக்கு இழுத்துச் செல்லும்.

தமனியின் ஒரு கிளையில் பலூன் போய் அடைத்துக்கொண்டதும், அதற்கு அப்பால் ஓட்டம் நின்றுவிடும். கொத்தனார் தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் பார்ப்பதுபோல, நுனியிலிருந்து தந்துகிகள் வழியாக இடது மேலறை வரை அசையாத ஒரே ரத்தத் தொடர். மறுமுனையில் உள்ள அழுத்தம் இந்த முனையில் தெரியும். அதுதான் வெட்ஜ் அழுத்தம். இடது இதயத்துக்குள் நுழையாமலேயே அதன் நிலையை அறிகிறோம்.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நுரையீரல் உயர் அழுத்தம். அதோடு வெட்ஜ் 15க்கு மேல் இருந்தால் இடது இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். 15 அல்லது அதற்குக் கீழே இருந்து, நுரையீரல் நாளங்களின் தடை 2 வுட் யூனிட்டைத் தாண்டினால், கோளாறு அந்த நாளங்களில்.

எல்லாம் வெட்ஜ் சரியாக அமைவதைப் பொறுத்தது. 45 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமனியின் சராசரி அழுத்தம் 47. இதயம் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. பலூனை ஊதியதும் திரையில் 26 வருகிறது. அதை அப்படியே எழுதிக்கொண்டால் இடது இதய நோய் என்று முடிவாகி, நீர் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால் எக்கோவில் அவருடைய இடது மேலறை வீங்கவே இல்லை. இந்த முரண்பாட்டைக் கவனிக்கும் மருத்துவர், குழாய் நுனியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். முழுமையாக அடைத்திருந்தால் நுரையீரலில் சுத்தமாகிவந்த ரத்தம் வர வேண்டும். ஏறத்தாழ கைவிரலில் பார்க்கும் அளவே இருக்கும். இவருக்கு வந்தது 68 சதவீதம். நோயால் விரிந்துபோன தமனியைப் பலூன் பாதிதான் அடைத்திருக்கிறது. தமனியின் அழுத்தமே கசிந்து 26ஆகக் காட்டியிருக்கிறது.

காற்றை இறக்கி, வேறு கிளையில் மீண்டும் அமர்த்தியபோது ஆக்சிஜன் 96 சதவீதம், வெட்ஜ் 10. இப்போது தடையைக் கணக்கிடலாம்: 47இல் 10ஐக் கழித்து 3.6ஆல் வகுத்தால் 10 வுட் யூனிட்டுக்குச் சற்று மேல். கோளாறு நுரையீரல் நாளங்களில்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். நோயாளி மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தருணத்தில்தான் எண்ணைப் படிக்க வேண்டும். கருவி தானாகக் கொடுக்கும் சராசரியில் உள்மூச்சின் தாழ்வும் சேர்ந்துவிடுவதால், உடல் பருமனானவர்களுக்கு வெட்ஜ் குறைவாகத் தெரியலாம். சோதனைக்கு முன் நிறைய நீர் மாத்திரை எடுத்தவருக்கும் வெட்ஜ் இறங்கியிருக்கும். இடது இதயத்தின் மேல் சந்தேகம் தீராவிட்டால், ஐந்து பத்து நிமிடங்களில் 500 மி.லி. சலைன் ஏற்றிப் பார்ப்பார்கள். வெட்ஜ் 18ஐத் தாண்டினால், ஒளிந்திருந்த இடது இதயக் கோளாறு வெளிப்படும்.

அந்தப் பெண்ணுக்குக் கதீட்டர் இவ்வளவுதான் சொல்ல முடியும். நாளங்கள் தாமாகத் தடித்தனவா, பழைய ரத்தக்கட்டிகள் அடைத்தனவா என்பதற்கு வெட்ஜில் விடை இல்லை. அடுத்து நுரையீரலில் காற்றும் ரத்தமும் பரவுவதைக் காட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். பழைய கட்டிகள்தான் காரணம் என்றால், வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று முடிவுகட்டுவதற்கு முன், அறுவை சிகிச்சையில் அவற்றை அகற்ற முடியுமா என்று பார்த்தாக வேண்டும்.